முப்பத்தாறு, ஒன்பது, நாலு

ஒரு சின்னச் சிவப்பு லைட்டின்ர சுவிட்சை எவ்வளவு நேரம் அமத்திப் பிடிச்சனான் எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. பத்துச் செக்கனோ, ஒரு நிமிசமோ, அதுக்கும் மேலையோ. ஒரு செக்கன் அமத்திப்போட்டு விட வேண்டிய சுவிட்ச். நான் அதைப் பிடிச்சுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நிண்டனான். பிறகு கையை எடுத்திட்டுக் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, "ஒரு செக்கன், ஐந்து தரம்" எண்டு வடிவான கையெழுத்தில எழுதினனான். பொய். என்ர வாழ்க்கையில நான் எழுதின முதல் பொய் அளவீடு அதுதான்.

அப்ப நான் வெளிநாட்டில ஒரு பல்கலைக்கழகத்தில ஆராய்ச்சி மாணவி. குளிர் தேசம். எங்கட ஆய்வுகூடம் நிலத்துக்குக் கீழ, யன்னல் இல்லாத அறை. திருகோணமலையில கடற்காத்துக்கு யன்னலைச் சாத்தாமல் வளர்ந்தவளுக்கு அது பெரிய தண்டனை. ஆனால் பௌதிகத்தில ஆசைப்பட்டுப் போனனான், ஆரையும் குறை சொல்ல ஏலாது. அந்த அறையில ஒரு காந்தம், அதுக்குள்ள திரவ ஹீலியம், அதுக்குள்ள நகத்தளவு குறைகடத்தித் துண்டு. அந்த மெசினுக்கு ரெண்டு பேர். ஒண்டு நான். மற்றது தெற்கில காலிக்கு அங்கால ஒரு கிராமத்துப் பொடியன், சிங்களவன், அதே வருசம் அதே மாதிரிப் புலமைப்பரிசிலில வந்தவன். ஊரில சந்திச்சிருந்தால் கதைச்சிருக்க மாட்டம். அங்க, அந்தக் கண்டறியாத குளிருக்குள்ள, பருப்பும் சோறும் காய்ச்சுற ரெண்டே ரெண்டு பேர் நாங்கள்தான். இங்கிலீசிலதான் கதைப்பம். இஞ்ச தமிழில எழுதுறன்.

அண்டைக்குக் காலமை பேராசிரியரின்ர அறைக்கு ரெலிபோன் வந்தது. கொழும்பில இருந்து சித்தப்பா. "பிள்ளை, தம்பியைச் சாம்பல்தீவில ஆமிக்காரர் சுத்திவளைப்பில பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். மூண்டு நாளாச்சு. அம்மா சொல்ல வேண்டாம் எண்டவ, எனக்கு மனம் கேக்கேல்லை" எண்டார். தம்பி வள்ளத்து மெசின் திருத்துறவன். ஆரோ கூப்பிட்டிருக்கினம், சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில போயிருக்கிறான். அவ்வளவுதான். "சரி சித்தப்பா" எண்டு சொல்லிப்போட்டுக் கீழ இறங்கிப் போய் வேலையைத் தொடங்கினன். ஏன் அப்பிடிச் செய்தனான் எண்டு கேக்காதேங்கோ. கை வேலையைத் தேடும், நாங்கள் என்ன செய்யிறது.

வேலை என்னெண்டு சொல்லாட்டில் இது ஒண்டும் விளங்காது, சொல்லிவிடுறன். அந்தத் துண்டுக்குள்ள ஒரு மெல்லிய படையில இலத்திரன்கள் இருக்கு. மேலையும் கீழையும் போக ஏலாது, தளத்தில மட்டும் ஓடலாம். அதுக்குச் செங்குத்தாகக் காந்தப்புலத்தைக் குடுத்தால் அவை வட்டமாகச் சுழலும். எந்தச் சத்தியிலயும் சுழல ஏலாது, குறிச்ச சில மட்டங்களில மட்டும்தான். லண்டவ் மட்டம் எண்டு சொல்லுறது அதைத்தான். ஒவ்வொரு மட்டத்திலயும் இத்தனை இடம் எண்டு கணக்கிருக்கு, புலத்தைக் கூட்டக் கூட்ட அந்த இடமும் கூடும். அப்ப இலத்திரன்கள் மேல் மட்டங்களை விட்டுட்டுக் கீழ் மட்டங்களில நெருக்கி இருக்கும். ஒரு கட்டத்தில சரியாக ரெண்டு மட்டம் நிரம்பி, மூண்டாவது வெறுமையாக இருக்கும். அந்த நேரம் மின்னோட்டத்துக்குக் குறுக்காக அளக்கிற தடை, ஹோல் தடை, இருபத்தையாயிரத்து எண்ணூற்றுப் பதின்மூண்டு ஓமை ரெண்டால பிரிச்ச அளவில வந்து நிக்கும். நாலு மட்டம் நிரம்பினால் நாலால பிரிக்கிறது. ஆறெண்டால் ஆறால. என்ன துண்டு, எந்த நாட்டில செய்தது, அழகோ அலங்கோலமோ, ஒண்டும் பார்க்காது. முழு எண், முழு எண், முழு எண்.

படி மாதிரி தட்டையாக நிக்கிறதுக்குக் காரணம் துண்டில இருக்கிற அழுக்கு. பள்ளத்திலயும் மேட்டிலயும் சில இலத்திரன்கள் அகப்பட்டுக் கிடக்கும். புலத்தை மாத்த மாத்த அந்த அகப்பட்ட இடங்கள்தான் நிரம்பும், வெறுமையாகும். அவை மின்னைக் கொண்டுபோகாது, அதாலை தடை அசையாது. படி நீளும். படி நிக்கிற அந்த நேரம் நேர்வழித் தடை, அதாவது மின்னோட்டம் போற திசையில அளக்கிற தடை, பூச்சியத்தைத் தொடும். நிரம்பின மட்டத்துக்கும் வெறும் மட்டத்துக்கும் இடையில ஓடக்கூடிய ஒண்டும் இல்லாதபடியால் சத்தி வீணாகாது. முதல் தரம் அந்தக் கோடு பூச்சியத்தில போய்ப் படுக்கிறதைக் கண்டபோது நான் கை தட்டினனான். கூட்டாளி, அந்தக் காலிப் பொடியன், சிரிச்சவன், "நீர் என்ன, கோயிலில தீபம் காட்டுறதைப் பார்க்கிற மாதிரிப் பார்க்கிறீர்" எண்டு.

இனி அந்தச் சிவப்பு லைட். துண்டை இருட்டில குளிராக்கி, பிறகு அந்தச் சின்ன லைட்டை ஒரு செக்கன் அடிச்சால் படைக்குள்ள இலத்திரன் கூடும். லைட்டை நிப்பாட்டினாலும் அவை திரும்பிப் போகாது, துண்டைச் சூடாக்கும் மட்டும் அப்பிடியே இருக்கும். ஆனால் அளவோட அடிக்கோணும். கூட அடிச்சால் பக்கத்தில இருக்கிற மற்றப் படை, இலத்திரன்களைக் குடுக்கிறதுக்கெண்டு மாசு சேர்த்து வச்சிருக்கிற படை, அதுவும் மின்னைக் கடத்தத் தொடங்கிவிடும். அது ஒரு கள்ள வழி. லண்டவ் மட்டமும் தெரியாது, முழு எண்ணும் தெரியாது, மந்தமாக மின்னைக் கொண்டு போய்க்கொண்டிருக்கும். அதாலைதான் ஒவ்வொரு அடியையும் எழுதிவைக்க வேணும் எண்டது எங்கட அறையின்ர முதல் சட்டம்.

கூட்டாளி ஹீலியம் எடுக்கப் போயிருந்தவன். தள்ளுவண்டியோட திரும்பி வந்து, "லைட் அடிச்சிட்டீரோ?" எண்டு கேட்டான். "ஓம், ஐந்து தரம்" எண்டன். என்ர முகத்தைப் பார்த்தவன், "சுகமில்லையோ" எண்டான். அப்பதான் தம்பியின்ர கதையைச் சொன்னனான். சொல்லி அழுதனான். லைட்டைப் பற்றி மட்டும் சொல்லேல்லை. சொல்லியிருந்தால் என்ன, துண்டைச் சூடாக்கித் திரும்பக் குளிராக்கிறது, பத்து நாள் வேலை. ஆனால் ஒரு முறை குளிராக்கிறதுக்குரிய ஹீலியத்துக்கு எத்தினை கிழமை வரிசையில நிண்டது எங்களுக்குத்தான் தெரியும். வெக்கமாக இருந்தது. அளந்தால் தெரியும்தானே, ஒண்டும் நடந்திராது எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டனான். அவன்தான் என்ர ரிக்கெற்றுக்கு ஓடித்திரிஞ்சு, ரெண்டாம் நாள் விமானநிலையம் வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவன்.

ஊருக்கு வந்து சேர்ந்தன். அம்மா வாசலில நிண்டு என்னைப் பார்த்த பார்வையில, "நீ ஏன் வந்தனீ" எண்டதும் இருந்தது, "ஏன் இவ்வளவு நாள் பிந்தினனீ" எண்டதும் இருந்தது. அடுத்த நாள் காலமையே ரெண்டு பேரும் வெளிக்கிட்டம். ஒவ்வொரு முகாம் வாசலிலயும் அடையாள அட்டையைக் காட்டி, தம்பியின்ர படத்தைக் காட்டி, "இஞ்ச இல்லை, அங்க கேளுங்கோ". அங்க போனால் "இஞ்ச இல்லை". கப்பல்துறைச் சோதனைச்சாவடியில பஸ்ஸால இறக்கி வெயிலில ரெண்டு மணித்தியாலம் நிக்க வச்சவங்கள். அம்மா ஒரு சொட்டுத் தண்ணி கேக்கேல்லை. குறிஞ்சாக்கேணியில இருந்து ஒரு முஸ்லிம் மனிசியும் தன்ர மகனைத் தேடி அதே வாசலுகளுக்கு வாறவ. அவவும் அம்மாவும் ஒரே குடைக்குள்ள நிப்பினம்.

மூண்டு கிழமை கழிச்சுக் கூட்டாளியின்ர கடிதம் வந்தது. தடிச்ச உறை. உள்ள வரைபடத் தாளின்ர பிரதி மடிச்சு வச்சிருந்தது. எழுத்தில சந்தோசம் துள்ளுது. "பாரும், நீர் கடைசியாக லைட் அடிச்ச, மெல்லிசாக வெட்டின துண்டில நேர்வழித் தடை பூச்சியத்தைத் தொடுதில்லை! எவ்வளவு குளிராக்கினாலும் தொடுதில்லை! ஹோல் படியும் நாற்பது ஓம் மட்டில குறையுது. இதே தகட்டில வெட்டின பக்கத்துத் துண்டை முந்தி அளந்தபோது, ஐந்து தரம் லைட் அடிச்சும் கள்ள வழி இல்லை. இதிலயும் ஐந்து தரம்தான், புத்தகத்தில இருக்கு. அப்ப இது மட்டங்களுக்கு இடையிலயே நடக்கிற விசயம். மெல்லிசாக வெட்டினால் அந்த இடைவெளியிலயும் ஓடக்கூடிய நிலைகள் வருது. பேராசிரியருக்கும் நல்ல சந்தோசம். இதையே என்ர ஆய்வேட்டின்ர நடுப்பகுதியாக வைக்கப் போறன். ஆறு கிழமையில குடுக்கோணும், அதோட புலமைப்பரிசிலும் முடியுது."

கடைசியில ரெண்டு வரி. "தம்பி எப்பிடி? பயப்பிடாதேயும். அவர் ஒண்டும் செய்யேல்லைத்தானே. ஒண்டும் செய்யாதவனை விட்டுவிடுவாங்கள்."

அந்த ரெண்டு வரியை வாசிச்ச உடன எனக்கு வந்த கோவம் இருக்கே! ஐயோ, கடிதத்தைக் கசக்கிக் குசினி மூலையில எறிஞ்சனான். விட்டுவிடுவாங்களாம். ஆருக்குக் கதை சொல்லுறாய்? உன்ர ஊரில இருந்துகொண்டு அப்பிடித்தான் தெரியும். நல்லவன், அன்பாகத்தான் எழுதினவன், அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அவனை அந்த நேரம் வெறுத்தனான். இதை எழுதக் கை கூசுது, ஆனால் எழுதத்தான் வேணும்.

அடுத்த நாள் பின்னேரம் முகாமால திரும்பி வந்து, செய்யிறதுக்கு ஒண்டும் இல்லாமல், கசங்கின வரைபடத் தாளைப் பொறுக்கி மேசையில வச்சு நீவினனான். அடிமட்டம் ஒண்டை எடுத்தன். நேர்வழித் தடை எவ்வளவு உயரத்தில நிக்குது எண்டு அளந்தன். ரெண்டு மட்டம் நிரம்பின இடத்தில முப்பத்தாறு மில்லிமீற்றர். நாலு நிரம்பின இடத்தில ஒன்பது. ஆறு நிரம்பின இடத்தில நாலு.

திரும்ப அளந்தன். முப்பத்தாறு, ஒன்பது, நாலு.

அட கடவுளே. ஹோல் படிகள் ஒண்டு, அரை, மூண்டில் ஒண்டு எண்ட விகிதத்தில நிக்குது. இந்த மிச்சத் தடை அதின்ர வர்க்கமாகப் போகுது: ஒண்டு, காற்பங்கு, ஒன்பதில் ஒண்டு. அதைக் கடத்துதிறனாக மாத்திப் பார்த்தால் மூண்டு இடத்திலயும் ஒரே அளவு. அவன் சொல்லுற மாதிரி மட்டங்களுக்கு இடையில ஓடுறதெண்டால் மூண்டு இடத்திலயும் ஒரே அளவாக ஓடாது. புலம் குறையிற இடத்தில இடைவெளி சிறுக்கும், கசிவு கூடும், குளிராக்கினால் மாறும். இது புலத்தையும் பார்க்கேல்லை, குளிரையும் பார்க்கேல்லை, எத்தினை மட்டம் நிரம்பினது எண்டும் பார்க்கேல்லை. பக்கத்தில போட்ட வயர் மாதிரி அது தன்ர பாட்டில கொண்டு போகுது. மற்றப் படை. கள்ள வழி. அந்தச் சிவப்பு லைட். என்ர கை.

படிகளில ஒரு பிழையும் இல்லை. லண்டவ் மட்டங்கள் நிரம்பின மாதிரியே நிரம்பி, தங்கட முழு எண்ணைச் சரியாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அதுக்கு மேல என்ர பொய் படிஞ்சு கிடந்தது.

அவன் ஏன் இதைக் காணேல்லை? கெட்டிக்காரன், என்னைவிடக் கெட்டிக்காரன். பேராசிரியர் ஏன் காணேல்லை? புத்தகத்தில "ஒரு செக்கன், ஐந்து தரம்" எண்டு இருந்தது. என்ர கையெழுத்து. எங்கட வேலையில கண்ணை நம்ப மாட்டினம், சக மனிசன் எழுதின குறிப்பை நம்புவினம். நம்பாட்டில் ஒரு நாளும் ஒரு வேலையும் நடவாது.

அவனுக்கு உடன அறிவிச்சிருக்க வேணும். தந்தி ஒண்டு, நாலு சொல்லு: "லைட் கூடிப்போச்சு, திரும்ப அள." இன்னும் ஐந்து கிழமைக்கு மேல கிடந்தது. சூடாக்கி, குளிராக்கி, அளந்து, அந்தப் பகுதியை வெட்டிப்போட்டு வேற எழுத நேரம் கிடந்தது. பழைய அளவீடுகளே ஒரு நல்ல ஏட்டுக்குக் காணும்.

நான் அறிவிக்கேல்லை.

பாதை பூட்டு எண்டு சொல்லலாம். ஒரு கிழமை உண்மையில பூட்டுத்தான், கொழும்பு பஸ் ஓடேல்லை. ஊரடங்கு எண்டு சொல்லலாம். தபாற்கந்தோரில லைன் இல்லை எண்டு சொல்லலாம். இதெல்லாம் நடந்ததுதான், ஆனால் ஒண்டும் காரணமில்லை. தபாற்கந்தோர் வாசலால ஒவ்வொரு நாளும் போய் வந்தனான். அந்தப் பக்கம் பாராமல் போனனான். ஒரு நாள் அம்மா, "ஏன் பிள்ளை, உன்ர படிப்புக்கு ஒண்டும் அறிவிக்கிறேல்லையோ?" எண்டு கேட்டவ. "என்ன மண்ணாங்கட்டிப் படிப்பு அம்மா" எண்டு பாய்ஞ்சனான்.

என்ர தம்பி எங்க கிடக்கிறான் எண்டு தெரியாது, இந்தக் கூட்டாளிக்கு ஒரு பட்டம் கேடோ? அப்பிடித்தான் நினைச்சனான். அவன்ர ஆக்கள் என்ர தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள், அவன் ஒருக்கால் விழட்டும். அவன் என்ன செய்தவன்? என்ர பெட்டியைத் தூக்கினவன். தெரியும். விசர் பிடிச்ச மனசுக்கு அது தெரிஞ்சு என்ன.

ஐந்தாம் கிழமை முடிவில ஒரு நாள், முகாம் வாசலில அந்தக் குறிஞ்சாக்கேணி மனிசி, "மகள், இனி நான் வர மாட்டன். என்ர பிள்ளையின்ர உடம்பு கிடைச்சிட்டுது" எண்டு சொல்லிப்போட்டு, அம்மாவின்ர கையைப் பிடிச்சு, "உங்கட பிள்ளை வரோணும் எண்டு துவா கேக்கிறன்" எண்டவ. கண்ணில தண்ணி இல்லை. தன்ர மகன் போன பிறகும், எங்கட பிள்ளை வர இன்னும் இடமிருக்கெண்டு எங்களில ஒரு கோவமும் அவவுக்கு இல்லை. எனக்கு என்னை நினைக்கவே அருவருப்பாக இருந்தது. அம்மாவை வீட்டில விட்டுட்டு நேர தபாற்கந்தோருக்குப் போனன்.

காலமை பதினொண்டுக்குக் கோல் பதிஞ்சு பின்னேரம் மூண்டுக்குத்தான் லைன் கிடைச்சது. இரைச்சலுக்குள்ள அவன்ர குரல். முதல் கேட்டது, "தம்பி வந்திட்டாரோ?" எண்டுதான்.

"இல்லை" எண்டன். "கேளும், அந்த மிச்சத் தடை கள்ள வழி. முப்பத்தாறு, ஒன்பது, நாலு, அளந்து பாரும். மூண்டும் ஒரே கடத்துதிறன். நான் லைட்டைக் கூட நேரம் பிடிச்சனான். புத்தகத்தில எழுதினது பொய்."

"நான் நாலு நாளுக்கு முந்திக் குடுத்திட்டன்" எண்டான்.

"திருப்பி எடுக்க ஏலாதோ?"

"எடுக்கலாம். எடுக்கத்தான் வேணும்." பிறகு கேட்டான்: "எப்ப கண்டு பிடிச்சனீர்?"

ஒரே ஒரு கேள்வி. வேற ஒண்டும் கேக்கேல்லை. ஏன் பொய் எழுதினனீர் எண்டுகூடக் கேக்கேல்லை.

"நேற்று" எண்டன்.

"உடன சொன்னதுக்கு நன்றி" எண்டான் அவன்.

அவன் ஏட்டைத் தானாகவே திருப்பி எடுத்தான். ஆரும் வற்புறுத்தேல்லை. சும்மா இருந்திருந்தால் ஒருவேளை ஒருத்தரும் கண்டிருக்க மாட்டினம், ஆனால் அவனுக்கு ஏலாது, அவன் அப்பிடிப்பட்டவன். பேராசிரியர் திரும்ப அளக்கச் சொன்னவர்தான். ஆனால் ஹீலியத்துக்கு அடுத்த முறை ரெண்டு மாசம் கழிச்சு. அந்தப் பகுதியை வெட்டிப்போட்டு வேற எழுதவும் நாளில்லை, புலமைப்பரிசில் முடிஞ்சுது, விசாவும் அதோட முடிஞ்சுது. ஊரில கொஞ்சக் காலம் இருந்திட்டுத் திரும்ப விண்ணப்பிக்கிறன் எண்டு எழுதினான். ஊரில ஒரு பள்ளிக்கூடத்தில கணிதம் படிப்பிக்கத் தொடங்கினான். எனக்கு நாலு கடிதம் போட்டவன். ஒண்டில, "பிள்ளையளுக்கு முழு எண் படிப்பிக்கேக்க எனக்குச் சிரிப்பு வருது" எண்டு எழுதியிருந்தான். ஒவ்வொண்டிலயும் தம்பியைக் கேட்டான். முந்தி எழுதின மாதிரி விட்டுவிடுவாங்கள் எண்டு மட்டும் பிறகு ஒரு நாளும் எழுதேல்லை.

நான் திரும்பிப் போகேல்லை. அம்மாவைத் தனிய விட்டுட்டு எப்பிடிப் போறது. பள்ளிக்கூடத்தில பௌதிகம் படிப்பிக்கிறன். ஹோல் விளைவு பாடத்தில இல்லை, நல்லது. தம்பியைப் பற்றி இண்டைக்கு வரைக்கும் ஒரு சொல்லு இல்லை.

பிறகு தெற்கில, சிங்களப் பொடியள் அரசாங்கத்துக்கு எதிராக எழும்பின கலவரம் வந்தது. எங்கட ஊருக்கு அந்த நேரம் தெற்கில இருந்து வந்த செய்தியெல்லாம் ஒரே மாதிரி. இளம் பொடியள். வாகனத்தில வந்தவங்கள். விசாரணைக்கு எண்டு கூட்டிக்கொண்டு போனவங்கள். எங்களுக்குப் பழகின கதைதான், சொல்லுற பாசை மட்டும் வேற. கடிதம் நிண்டுபோனது. தபால் சரியில்லை எண்டு நினைச்சுக்கொண்டன். நினைக்க வேண்டியதை நினைக்காமல் விடுறதில நான் கெட்டிக்காரி.

ஒரு நாள் சிங்களத்தில எழுதின கடிதம் ஒண்டு வந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாது. இறங்குதுறைப் பக்கத்தில கடை வச்சிருந்த ஒரு முஸ்லிம் நானா சிங்களம் நல்லாத் தெரிஞ்சவர், அவரிட்டைக் கொண்டுபோனன். அவர் கதிரையில இருத்தி, தானொருக்கால் மனசுக்குள்ள வாசிச்சுப் பார்த்தார். பிறகு கடையில நிண்ட ஆக்களை, "கொஞ்சம் வெளிய நில்லுங்கோ" எண்டு அனுப்பினார். அதிலயே எனக்கு விளங்கிவிட்டுது.

எழுதினது கூட்டாளியின்ர அப்பா. மகனைப் பள்ளிக்கூட வாசலில வச்சுப் பிடிச்சுக்கொண்டு போய் ஏழு மாசமாம். எல்லா முகாமும் போய்ப் பார்த்தாச்சாம். நானா மெல்ல மெல்லத் தமிழாக்கிச் சொன்னார். "மகன் உங்களைப் பற்றி நெடுகச் சொல்லுறவர். தன்ர வேலையில ஒரு பிழையை நீங்கள்தான் கண்டு, கண்ட அடுத்த நாளே, உங்கட வீட்டில அவ்வளவு துயரத்துக்குள்ளயும், தனக்கு அறிவிச்சனீங்கள் எண்டு சொல்லுவார். அப்பிடி நேர்மையான ஆளைத் தான் காணேல்லை எண்டு சொல்லுவார். அதாலைதான் உங்களிட்டைக் கேக்கிறம். படிப்பு முடியாமல் அவர் ஏன் வீட்டை வந்தவர் எண்டு எங்களுக்கு ஒரு நாளும் விளங்கச் சொன்னதில்லை. அங்கயே இருந்திருந்தால் உயிரோட இருந்திருப்பாரே எண்டு மனிசி ஒவ்வொரு நாளும் கேக்கிறா. உங்களுக்குத் தெரிஞ்சால் எழுதுங்கோ. அதையாவது தெரிஞ்சுகொள்ளுவம்."

நானா கடிதத்தை மடிச்சு என்ர கையில தந்தார். "என்ன எழுதுறது, சொல்லுங்கோ தங்கச்சி, நான் சிங்களத்தில எழுதித் தாறன்" எண்டு பேனையைத் திறந்தார்.

எனக்குச் சொல்லத் தெரியும். லைட் எண்டால் என்ன, மட்டம் எண்டால் என்ன, எந்தக் கிழமை எந்த நாள், எல்லாம் ஒழுங்காகச் சொல்லத் தெரியும். நேற்று எண்டு நான் சொன்னது ஐந்து கிழமைக்கு முந்தின நாள் எண்டு சொல்லத் தெரியும். அந்த மனிசன் சிங்களத்தில விளங்கிக்கொள்ளுவார். நானா பேனையைப் பிடிச்சபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புலமைப்பரிசில் முடிஞ்சுபோச்சு, அதாலைதான் வந்தவர் எண்டு எழுதுங்கோ" எண்டன்.

அவர் எழுதினார். நான் கீழ கையெழுத்து வச்சன். ரெண்டு கிழமையில அந்த அப்பாவிட்டை இருந்து பதில் வந்தது, நன்றி எண்டு.